பைசல்ஃபைட் மாற்றம் முழுமையா? எந்த மாதிரிக்கு எந்தக் கன்ட்ரோல்

தேனீயின் மரபணுத்தொகுதியில் 6 கோடிக்கும் மேல் சைட்டோசின்கள் உண்டு. 2010-ல் தேனீ மூளையைப் பைசல்ஃபைட் முறையில் படித்தவர்கள், அவற்றில் மெத்தில் ஒட்டியிருந்தவை சுமார் 70,000 என்று கண்டார்கள். இப்போது ஒரு கணக்கு போடுவோம். மெத்தில் இல்லாத சைட்டோசினை மட்டும் மாற்ற வேண்டிய நம் வினையின் மாற்றத்திறன் 99.5 சதவீதம் என்றால் நூற்றுக்கு அரைப் பங்கு மாறாமல் நின்றுவிடுகிறது. 6 கோடியில் அரைச் சதவீதம் 3 லட்சம். ஒவ்வோர் இடத்தையும் ஒரே ஒரு முறை படித்திருந்தால், உண்மையான மெத்திலைவிட நான்கு மடங்குக்கும் அதிகமான பொய் மெத்தில் நம் பட்டியலில் ஏறியிருக்கும்.

ஆழமாகப் படித்தால் சரியாகிவிடும் என்பார்கள். ஓரளவு சரிதான். ஒவ்வோர் இடத்தையும் 10 முறை படித்து, இரண்டு ரீடிலாவது C தெரிந்தால்தான் மெத்தில் என்று எடுத்துக்கொண்டாலும், அதே அரைச் சதவீதத்தில் சுமார் 66,000 இடங்கள் தற்செயலாகத் தேறிவிடும். உண்மையும் பொய்யும் சரிபாதி. மாறாமல் நிற்பது 0.2 சதவீதமாகக் குறைந்தால் அந்த 66,000 சுமார் 10,700 ஆகிவிடும். அரைச் சதவீதத்துக்கும் 0.2 சதவீதத்துக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவு பெரியது. ஆகவே அந்த எண்ணை எதை வைத்து அளந்தோம் என்பதும் பெரிய விஷயம்தான். அதற்கு நம் கையில் இருக்கும் வழிகளை ஒப்பிட்டு, எந்த மாதிரிக்கு எது பொருந்தும் என்று சொல்லப்போகிறேன்.

முதலில் வினையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1992-ல் சிட்னியில் மரியான் ஃப்ரோமரின் குழு வெளியிட்ட முறைதான் இன்றைக்கும் அடிப்படை. டி.என்.ஏ.யின் இரு இழைகளையும் பிரித்து, அமிலத் தன்மையுள்ள பைசல்ஃபைட் கரைசலில் சூடாக்குகிறோம். சைட்டோசினின் ஆறாவது இடத்தில் சல்ஃபோனேட் ஏறும், அதன் பிறகு அமினோ குழு கழன்றுவிடும். கடைசியில் காரம் சேர்த்தால் சல்ஃபோனேட்டும் போய் யூராசில் மிஞ்சும். பி.சி.ஆர். அதைத் தைமினாகப் படிக்கும். மெத்தில் ஒட்டிய சைட்டோசினில் இதே வினை மிக மெதுவாக நடப்பதால் அது C-யாகவே தங்கிவிடும். T என்றால் மெத்தில் இல்லை, C என்றால் மெத்தில் உண்டு. ஒற்றை எழுத்து அளவில் படிக்க முடிவது இதனால்தான். ஹைட்ராக்ஸிமெத்தில் இருந்தாலும் C-யாகவே தெரியும். அதைப் பிரித்தறிய வேறு முறை வேண்டும், எந்தக் கன்ட்ரோலும் அதற்கு உதவாது.

இந்த வாசிப்பில் தவறு இரண்டு பக்கமும் வரும். மெத்தில் இல்லாத C மாறாமல் நிற்கலாம், அந்த விகிதத்தை r என்போம். மெத்தில் உள்ள C மாறியும் போகலாம், அதை d என்போம். உண்மையான மெத்தில் அளவு m என்றால் நாம் பார்ப்பது இது:

```
obs = m(1 - d) + (1 - m)r
```

இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டால் எதற்குக் கவலைப்பட வேண்டும் என்பது உடனே தெரியும். மனித இரத்தத்தில் ஒரு பகுதியின் CG மெத்தில் 75 சதவீதம், d 3 சதவீதம், r அரைச் சதவீதம் என்று வைத்துக்கொண்டால், திரையில் 72.9 வரும். குறைந்த இரண்டு புள்ளிக்கும் d-தான் காரணம். r கொண்டுவந்து சேர்த்தது 0.1 புள்ளிதான். தேனீயிலோ, நெல்லின் CHH-இலோ, அதாவது அடுத்த இரண்டு எழுத்தும் G அல்லாத C-யிலோ, m மிகச் சிறியது, அங்கே r-தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. 'மாற்றத்திறன் 99-க்கு மேல் இருந்தால் போதும்' என்று எல்லா மாதிரிக்கும் ஒரே கோடு போடுவதை நான் ஏற்பதில்லை. எவ்வளவு சிறிய மெத்திலைப் படிக்கப்போகிறோமோ, r அதைவிடப் பல மடங்கு சிறியதாக இருந்தாக வேண்டும்.

இனி வழிகளுக்கு வருவோம். எல்லோருக்கும் பழக்கமானது லாம்ப்டா. லாம்ப்டா ஃபேஜின் டி.என்.ஏ. 48,502 எழுத்து நீளம், முழு வரிசையும் தெரிந்தது, மெத்தில் இல்லாமல் கிடைக்கும். மாதிரி டி.என்.ஏ.யின் எடையில் 0.1 முதல் 0.5 சதவீதம் வரை கலந்து, மாதிரியோடு சேர்த்தே துண்டாக்கி, சேர்த்தே பைசல்ஃபைட்டில் போடுகிறோம். படித்த பிறகு லாம்ப்டாவில் விழுந்த ரீடுகளில் எத்தனை C மிச்சம் என்று எண்ணினால் r கிடைத்துவிடும்.

இதன் பெரிய வசதி, முழுச் செலவு செய்வதற்கு முன்னாலேயே சோதித்துவிடலாம் என்பது. லைப்ரரியிலிருந்து 10 லட்சம் ஜோடி ரீடு மட்டும் படித்தால் போதும். 0.5 சதவீதம் கலந்திருந்தால் அதில் சுமார் 5,000 ஜோடி லாம்ப்டாவுடையதாக இருக்கும். ஜோடிக்கு 300 எழுத்து, அதில் கால்வாசி சைட்டோசின் என்றால் மொத்தம் 3,75,000 சைட்டோசின்கள். r அரைச் சதவீதமாக இருந்தால் மாறாதவை 1,900-ஐ ஒட்டி வரும். தற்செயல் பிழை இரண்டாம் தசம இடத்தில்தான் விழும். இந்தச் சின்னச் சோதனையைச் செய்யாமல் ஆழமான சீக்வென்சிங்குக்கு அனுப்பவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஆனால் எந்த லாம்ப்டாவை வாங்குகிறோம் என்பதில் ஒரு பொறி இருக்கிறது. நானே அதில் விழுந்திருக்கிறேன். ஃபேஜை வளர்க்கும் ஈ.கோலைக்கு டிசிஎம் என்றொரு நொதி உண்டு. CCAGG, CCTGG என்ற வரிசைகளில் இரண்டாவது C-யில் அது மெத்தில் ஒட்டும். சாதாரண ஈ.கோலையில் வளர்த்த லாம்ப்டாவில் இந்த மெத்தில் இருக்கும். ஜெல்லில் அளவுக்கோலாகப் போடுவதற்கு வாங்கி வைத்திருந்த லாம்ப்டாவை ஒருமுறை கன்ட்ரோலாகக் கலந்துவிட்டேன். ரீடுகளை அலைன் செய்து மெத்திலை எண்ணும் பிஸ்மார்க் நிரலின் ரிப்போர்ட்டில் கடைசி வரிகள் ஏறத்தாழ இப்படி இருந்தன:

```
C methylated in CpG context:  0.4%
C methylated in CHG context:  3.2%
C methylated in CHH context:  0.4%
```

(H என்பது G தவிர்த்த எந்த எழுத்தும்.) பைசல்ஃபைட்டுக்கு அக்கம்பக்க எழுத்து தெரியாது. வினை அரைகுறையாக நின்றிருந்தால் மூன்று வரியும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் உயரும். ஒரு வரி மட்டும் தூக்கி நின்றால் அது உயிரணுவுக்குள் நொதி வைத்த மெத்தில். டிசிஎம் தொடும் C எப்போதும் CHG வகையைச் சேர்ந்தது, அதனால்தான் நடு வரி உயர்ந்தது. லாம்ப்டாவில் இப்படிப்பட்ட வரிசை 71 இடங்களில் இருக்கிறது. இரண்டு இழையிலும் சேர்த்து 142 சைட்டோசின். மொத்தமுள்ள சுமார் 24,200 சைட்டோசினில் இது 0.6 சதவீதம். மூன்று வரியையும் கூட்டிச் சராசரி மட்டும் பார்த்திருந்தால் r 0.4 என்பதற்குப் பதிலாக 1.0 என்று எழுதியிருப்பேன். டிசிஎம் இல்லாத ஈ.கோலையில் வளர்த்த லாம்ப்டா என்று கேட்டு வாங்க வேண்டும். கைவசம் வேறு இல்லையென்றால் அந்த 142 இடங்களையும் கணக்கிலிருந்து நீக்கிவிடலாம்.

லாம்ப்டாவுக்கு இதைவிட ஆழமான ஒரு குறையும் உண்டு. அது சுத்தமான டி.என்.ஏ. நம் மாதிரியோ திசுவிலிருந்து வந்தது. ஒட்டிக்கொண்டிருக்கும் புரதம், G-யும் C-யும் மிகுந்து பிரிந்தவுடன் மறுபடி ஒட்டிக்கொள்ளும் பகுதிகள் என்று அதற்கு அதன் தொல்லைகள். பைசல்ஃபைட் ஒற்றை இழையில்தான் வேலை செய்யும், பிரியாத இடத்தை அது தொடாது. ஆகவே கரைசலும் சூடும் நேரமும் சரியாக இருந்தனவா என்பதை லாம்ப்டா சொல்லும். நம் மாதிரியின் மூலக்கூறுகள் உண்மையில் பிரிந்தனவா என்பதை அது சொல்லாது.

அதற்கு மாதிரிக்குள்ளேயே இருக்கும் ஒரு சாட்சி வேண்டும். பாலூட்டிகளின் பெரும்பாலான உடல் திசுக்களில் CHH மெத்தில் கிட்டத்தட்ட இல்லை. 2009-ல் மனித நுரையீரல் நார்த்திசு உயிரணுக்களைப் படித்தபோது, கண்ட மெத்திலில் 99.98 சதவீதம் CG-யில்தான் இருந்தது. இப்படிப்பட்ட மாதிரியில் CHH-இல் தெரியும் C எல்லாம் மாறாமல் நின்றவை என்றே எடுத்துக்கொள்ளலாம். தனியாக எதுவும் கலக்க வேண்டாம், கோடிக்கணக்கான இடங்கள் சாட்சி சொல்லும், மாதிரியின் சொந்தத் தொல்லையும் அதில் தெரிந்துவிடும். இரத்தம், கல்லீரல், பெரும்பாலான புற்றுத் திசுக்கள் ஆகியவற்றுக்கு லாம்ப்டாவைவிட இதையே நான் அதிகம் நம்புகிறேன். லாம்ப்டாவில் r 0.3, மாதிரியின் CHH-இல் 0.9 என்று வந்தால், கரைசல் நல்லது, டி.என்.ஏ.யில்தான் புரதம் மிச்சம் என்று பொருள். புரோட்டினேஸ் கே கொடுத்து மறுபடி சுத்தம் செய்துவிட்டு வினையைத் திரும்பச் செய்ய வேண்டும்.

அதே 2009 ஆய்வில் கரு மூல உயிரணுக்களின் மெத்திலில் கால்வாசி CG-க்கு வெளியே இருந்தது. பிறப்புக்குப் பின் மூளையின் நரம்பணுக்களிலும் CG அல்லாத மெத்தில் சேர்ந்துகொண்டே போகும். வளர்ந்த மனிதரின் முன்மூளைப் புறணியில் அது அத்தகைய இடங்களில் ஒன்றரைச் சதவீதத்தை ஒட்டி இருக்கும். அங்கே CHH-ஐ r என்று எடுத்துக் கழித்தால், கண்டுபிடிக்க வந்த மெத்திலையே கழித்துவிட்டதாக ஆகும். மூளைக்கு லாம்ப்டாதான், வேறு வழியில்லை. அதனால் டி.என்.ஏ.யைச் சுத்தம் செய்வதில் இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

செடிகளுக்கும் CHH உதவாது. அவை மூன்று வகையிலும் மெத்தில் வைக்கின்றன. ஆனால் இலைக்குள் வேறொரு சாட்சி இருக்கிறது: பசுங்கணிகத்தின் டி.என்.ஏ. அதில் மெத்தில் இல்லை என்று கொண்டு, 2008 முதலே அரபிடாப்சிஸ் ஆய்வுகளில் அதை வைத்து r கணித்திருக்கிறார்கள். மாதிரியோடு சேர்ந்து பிரித்தெடுத்தது, அதே புரதக் கழிவில் கிடந்தது, கேட்காமலே ஏராளமாக வந்து நிற்பது. இலைக்கு இதைவிட நல்ல கன்ட்ரோல் இல்லை.

நெல்லை எடுத்துக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். நெல்லின் பசுங்கணிக மரபணுத்தொகுதி 1,34,525 எழுத்து. அதன் கிட்டத்தட்ட முழுப் பிரதி ஒன்று, 131 ஆயிரம் எழுத்து நீளத்துக்கு, 10-ஆம் குரோமோசோமுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. உட்கருவுக்குள் வந்த பிரதியில் மெத்தில் ஏறும். பசுங்கணிகம் என்று நினைத்து நாம் எண்ணும் ரீடில் சில இந்தப் பிரதியிலிருந்து வந்தவையாக இருக்கலாம். இது எவ்வளவு கெடுக்கும்?

இலை மாதிரியில் உட்கருவை 30 மடங்கு படித்திருக்கிறோம், பசுங்கணிகத்துக்கு 200 கோடி எழுத்து வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பசுங்கணிகத்தின் ஆழம் 15,000 மடங்கு. பிரதியின் பங்கு 15,000-க்கு 30, அதாவது 0.2 சதவீதம். அந்தப் பிரதி முழுக்க மெத்தில் நிறைந்திருந்தாலும் r-இல் 0.2 புள்ளிதான் கூடும். இப்போது அதே நெல்லின் வேரை எடுங்கள். வேரில் பசுங்கணிகம் இல்லை, அதன் சக கணிகங்கள் சில இருந்தாலும் அவற்றின் டி.என்.ஏ. குறைவு. ஆழம் 600 மடங்கு என்று வந்தால், பிரதியின் பங்கு மொத்தம் 630-ல் 30. கிட்டத்தட்ட 5 சதவீதம். அதே கன்ட்ரோல் இலைக்குப் பொன்னாக இருந்து, வேருக்கு உதவாமல் போய்விடுகிறது.

ஏமாந்தோமா என்று கண்டுகொள்ள, மேலே சொன்ன மூன்று வரிச் சோதனையே போதும். பசுங்கணிகத்தில் CG, CHG, CHH மூன்றும் ஏறக்குறைய சமமாக 0.4 என்று நின்றால் அது r. CG 3.5, CHG 2, CHH 0.6 என்று படிக்கட்டு போல இறங்கினால் உட்கருப் பிரதி கலந்திருக்கிறது. அலைன் செய்யும்போது பசுங்கணிகத்தை மட்டும் தனியாகக் கொடுக்காமல் முழு மரபணுத்தொகுதியோடு சேர்த்துக் கொடுத்தால், இரண்டுக்கும் சமமாகப் பொருந்தும் ரீடுகள் விலக்கப்பட்டுவிடும். அதில் ரீடு நிறைய இழப்போம் என்றாலும் மிஞ்சுவதே தேவைக்கு அதிகம்.

விலங்குகளில் மைட்டோகாண்ட்ரியாவை இதேபோல் பயன்படுத்தலாமே என்று பலர் கேட்பார்கள். நான் வேண்டாம் என்பேன். அது முறுக்கேறிய வட்ட டி.என்.ஏ. வெட்டி நேராக்காமல் பைசல்ஃபைட்டில் போட்டால் இழைகள் சரியாகப் பிரியாமல் மாறாத C நிறைய மிஞ்சும். மைட்டோகாண்ட்ரியாவில் மெத்தில் கண்டதாக வந்த சில முடிவுகள் இந்தக் காரணத்தால் வந்த போலிகள் என்று பின்னர் காட்டப்பட்டது.

இதுவரை சொன்னவை எல்லாம் r-ஐ மட்டும் அளக்கின்றன. d-ஐ அளக்க மெத்தில் நிறைந்த கன்ட்ரோல் வேண்டும். பியூசி19 பிளாஸ்மிடின் எல்லா CG-யிலும் நொதி கொண்டு மெத்தில் ஏற்றியது விற்பனையில் கிடைக்கும். அதை லாம்ப்டாவோடு சேர்த்துக் கலக்கலாம். அதில் 96 சதவீதம் C தெரிந்தால் மீதி 4-ம் d என்று சொல்லிவிட முடியாது. மெத்தில் ஏற்றிய நொதியே நூற்றுக்கு நூறு செய்வதில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் 96 வந்துகொண்டிருந்தது திடீரென்று 91 ஆனால், வினை அளவுக்கு மீறிப் போய்விட்டது என்பதில் சந்தேகமில்லை. r-ஐக் குறைக்கிறேன் என்று நேரத்தை நீட்டிக்கொண்டே போகிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். r இறங்க இறங்க d ஏறும், டி.என்.ஏ.வும் நொறுங்கிக்கொண்டே போகும். பைசல்ஃபைட்டுக்குப் பதிலாக நொதிகளால் மாற்றும் புதிய முறையில் இந்த நொறுங்கல் குறைவு. ஆனாலும் அங்கேயும் இதே இரண்டு கன்ட்ரோலும் தேவைப்படுகின்றன.

கடைசியாக, சராசரி மறைக்கும் ஒன்று. r அரைச் சதவீதம் என்பது இரண்டு விதமாக வரலாம். 150 எழுத்து ரீடில் சுமார் 37 சைட்டோசின். பிழை எல்லா ரீடிலும் பரவலாகச் சிதறியிருந்தால், ஒரே ரீடில் மூன்றோ அதற்கு மேலோ மாறாமல் நிற்பது ஆயிரத்தில் ஒன்றுதான். அதே அரைச் சதவீதம், 200 ரீடுக்கு ஒரு ரீடு முழுக்க முழுக்க மாறாமல் நிற்பதாலும் வரலாம். லாம்ப்டா ரீடுகளைத் திரையில் விரித்துப் பாருங்கள். வரிசை வரிசையாக T-யாக இருக்கும் ரீடுகளுக்கு நடுவே ஒரு ரீடு மட்டும் C-யெல்லாம் அப்படியே, வினையைப் பார்க்காதது போலக் கிடக்கும். சிதறிய பிழை என்றால் கரைசல் பழசு, அல்லது நேரமோ சூடோ போதவில்லை. கொத்தாக நின்றால் அந்த மூலக்கூறு பிரியவே இல்லை. அதற்கு மருந்து வேறு: துண்டாக்குவதையும் இழை பிரிப்பதையும் சரிசெய்ய வேண்டும், நேரத்தை நீட்டிப் பயனில்லை.

கொத்தாக நின்ற ரீடுகளைக் கணினியிலேயே கழிக்க பிஸ்மார்க்கோடு ஒரு நிரல் வருகிறது. CG அல்லாத மூன்று இடங்களில் C நின்றால் அந்த ரீடை நீக்கிவிடும்:

```
filter_non_conversion --paired --threshold 3 sample.bam
```

இரத்தத்துக்கு இதைத் தயங்காமல் பயன்படுத்துகிறேன். நெல்லுக்கும் மூளைக்கும் தொடவே மாட்டேன். அங்கே உண்மையான CHG, CHH மெத்திலும் கொத்தாகத்தான் இருக்கும், இந்த நிரல் அதைத் தேர்ந்தெடுத்துத் தூக்கி எறிந்துவிடும்.

நெல் இலையும் வேரும் சேர்ந்த ஒரு திட்டத்துக்கு நான் எடுக்கும் முடிவு இது. இரண்டிலும் டிசிஎம் இல்லாத லாம்ப்டா 0.5 சதவீதமும் மெத்தில் ஏற்றிய பியூசி19 கொஞ்சமும் துண்டாக்குவதற்கு முன்பே கலப்பேன். இலையில் r-ஐப் பசுங்கணிகத்திலிருந்து எடுத்து லாம்ப்டாவோடு ஒப்பிடுவேன். வேரில் லாம்ப்டாவை மட்டும் எடுப்பேன். இலையின் CHH 3.0 என்று தெரிந்து r 0.4 என்றால், உண்மை 2.6. டிசிஎம் மெத்தில் உள்ள லாம்ப்டாவை நம்பி r-ஐ 1.0 என்று கழித்திருந்தால் 2.0 என்று வந்திருக்கும். CG-யில் 55 என்று தெரிந்தது முதல் கணக்கில் 54.8, இரண்டாம் கணக்கில் 54.5. வேரையும் இலையையும் CHH-இல் ஒப்பிடும் திட்டத்தில், ஒரு மாதிரிக்கு 0.4-ம் இன்னொன்றுக்கு 1.0-ம் கழித்திருந்தால், இரண்டு உறுப்பிலும் ஒரே அளவாக இருந்த மெத்தில் கால்வாசி வேறுபட்டதாகத் தெரியும்.